தீபாவளி சரக்கு இறங்கும் முன் நம் கடையில் தீ அபாயச் சோதனை

எம்.சி. ரோட்டுக் கடையில் இருக்கும் ஆறு பேருக்கும் இது. செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, வாடிக்கையாளர் வருவதற்கு முன், எல்லோரும் சேர்ந்து இதைச் செய்கிறோம். டேப், சாக்பீஸ், டார்ச், ஒரு நோட்டு போதும். பண்டல் எதையும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்காதீர்கள், தினமும் எப்படி இருக்கிறதோ அப்படியே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முதலில் நோட்டில் கடையை வரையுங்கள். 11 அடி அகலம், 42 அடி நீளம், முன்னால் ஷட்டர், பின்னால் சந்துக்குப் போகும் கதவு, மேலே பரண். யார் எங்கே நிற்கிறோம், மாலை ஏழு மணிக்கு உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையும் எழுதுங்கள். போன சனிக்கிழமை நான் எண்ணியபோது, குழந்தைகளையும் சேர்த்து 31 பேர்.

அடுத்து, தீ எங்கிருந்து கிளம்பும் என்று பார்க்க வேண்டும். ஸ்விட்ச் போர்டு, பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒவ்வொன்றையும் கிட்டே போய்ப் பாருங்கள். இஸ்திரி போடும் மேசைக்குப் பின்னால் இருக்கும் மூன்று பின் சாக்கெட்டில் ஒரு ஓட்டையைச் சுற்றி பழுப்பாக உருகியிருக்கிறது, பிளக்கைப் பிடுங்கினால் பின்னும் கறுத்திருக்கிறது. லூஸ் கனெக்ஷன் சூடாகி இப்படித்தான் ஆகும். அதை இன்றிலிருந்தே பயன்படுத்தக் கூடாது, எலெக்ட்ரீஷியன் மாற்றும் வரை இஸ்திரி வேலை நிற்கட்டும். பரணில் பல்புக்கு ஒட்டி அடுக்கிய நைட்டி பண்டலை ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். சாமி படத்து விளக்கு, கற்பூரம், சாம்பிராணி எல்லாம் கல்லா மேசையில் தட்டு வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கொசுவத்திச் சுருள் கடைக்குள் வேண்டாம். தெருவில் பட்டாசு வெடிக்கிற நாட்களில் வாசல் ஸ்டாண்டில் துணி தொங்க விடாதீர்கள், பொறி ஒன்று போதும்.

எரியக்கூடியது என்னென்ன என்று எழுதும்போது துணியோடு நிறுத்திவிடாதீர்கள். பாலித்தீன் கவர், அட்டைப்பெட்டி, பழைய பில் கட்டு எல்லாம் தீயைத் துணிக்குக் கொண்டு போகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், சொட்டுகிற இடத்திலும் தீப்பிடிக்கும். பருத்தி வேறு மாதிரி. பண்டலின் மேல் தண்ணீர் ஊற்றினால் அணைந்த மாதிரி தெரியும், ஆனால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், அதனால் அணைத்த பிறகும் தீயணைப்பு வீரர்கள் பிரித்துப் பார்க்கும் வரை அதை நம்பக்கூடாது.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருவோம், நடைபாதை. புடவை ரேக்குக்கும் நைட்டி ரேக்குக்கும் நடுவே நான் அளந்தபோது 22 அங்குலம்தான் இருந்தது, அதிலும் தரையில் பாவாடைக் கட்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தால் எதிரே வருபவர் நின்றே ஆக வேண்டும். இதை 3 அடி ஆக்குகிறோம், அதற்காக ஒரு ரேக்கையே எடுத்துவிடலாம் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள், கோட்டுக்குள் ஒரு கவர்கூட இருக்கக்கூடாது. பின்கதவை மறைத்திருக்கும் பண்டல்கள் அன்றே குடோனுக்குப் போக வேண்டும். கடை திறந்திருக்கும் வரை அந்தக் கதவில் பூட்டு தொங்கக்கூடாது, உள்தாழ்ப்பாள் மட்டும். திருட்டுப் பயம் எனக்கும் உண்டு, அதனால்தான் அங்கே ஒரு ஆளை உட்கார வைக்கிறோம்.

அப்புறம் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொருவராகப் பின்கோடியிலிருந்து சுவரைத் தொட்டபடி ஷட்டர் வரை நடந்து பாருங்கள், நேரத்தை எழுதுங்கள். தடுக்கிய இடமெல்லாம் நோட்டில் வர வேண்டும். புகை முதலில் மேலே நிறையும், ஆகவே பரணில் இருப்பவருக்குத்தான் மூச்சு முதலில் முட்டும், நாம் குனிந்து நகர வேண்டும். கடை நேரத்தில் பரணுக்கு ஒருவர் ஏறினால் கீழே ஒருவர் ஏணியடியில் நிற்கட்டும்.

தீயணைப்பான் இப்போது சட்டைத்துணிக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கல்லா பக்கத்தில் ஒன்று, பின்கதவு பக்கத்தில் ஒன்று என்று 6 கிலோ ஏபிசி பவுடர் இரண்டு மாட்டுகிறோம். முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பின்னை இழுத்து, தீயின் அடியில் குறிவைத்து, இரண்டு பக்கமும் வீசி அடியுங்கள், சில வினாடிகளில் தீர்ந்துவிடும். மெயின் ஆஃப் ஆகாத வரை மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் தீ போனாலோ புகை அடர்ந்தாலோ அணைக்கப் பார்க்காமல் வாடிக்கையாளரை வெளியே அனுப்பிவிட்டு நீங்களும் வந்துவிடுங்கள், கல்லாப் பணத்துக்காகத் திரும்பி உள்ளே போகவே வேண்டாம். 101க்கோ 112க்கோ கூப்பிடுவது கல்லாவில் இருக்கும் அக்கா. சீசனில் நம் தெருவில் வண்டி நுழையத் திணறும், அதனால் ஒரு தம்பி தெருமுனைக்கு ஓடி நின்று வழி காட்ட வேண்டும்.

கண்டதையெல்லாம் நோட்டில் சிவப்பு, மஞ்சள் என்று பிரித்து, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். சாக்கெட், பின்கதவு, நடைபாதை மூன்றும் சிவப்பு, இவை முடியாமல் தீபாவளி சரக்கு இறங்காது. இரவு பூட்டும்போது கேமரா லைனைத் தவிர மற்றதெல்லாம் ஆஃப், இஸ்திரிப்பெட்டி ஆறியதா என்று கடைசியாகப் போகிறவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். பொங்கல் சரக்குக்கு முன் இதே நோட்டோடு மறுபடி ஒருமுறை நடக்கிறோம்.