இணையப் பட்டியல் படப்பிடிப்பு: பணித் திட்டக் குறிப்பு

பெறுநர்: படப்பிடிப்பாளர், பொருள் அடுக்கும் உதவியாளர், எடிட்டிங் குழுவினர்

இம்முறை நாம் படமெடுக்கவிருப்பவை 48 பொருட்கள்: 20 பீங்கான் கோப்பைகள், 10 துணிப்பைகள், 18 ஸ்டீல் பாட்டில்கள். கோப்பைக்கும் பாட்டிலுக்கும் ஐந்து கோணங்கள், பைக்கு மேல்கோணம் தவிர்த்து நான்கு என மொத்தம் 230 படங்கள் தேவைப்படும். சென்ற முறை பின்னணி ஒரு படத்தில் நீலம் பாய்ந்தும் அடுத்ததில் மஞ்சள் தட்டியும் இருந்ததைச் சரிசெய்யவே எடிட்டிங்கில் ஒன்பது நாட்கள் போயின. ஆகவே, கேமராவின் முன்பே சரிசெய்யக்கூடிய எதையும் இம்முறை எடிட்டிங்கிற்குத் தள்ளிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

பின்னணியாக 1.35 மீட்டர் அகலமுள்ள, பளபளப்பில்லாத வெள்ளைக் காகிதச் சுருளையே மூன்று வகைப் பொருட்களுக்கும் பயன்படுத்துவோம். சுவரிலிருந்து மேசைக்கு மடிப்பு விழாமல் வளைந்து இறங்குமாறு அதைப் பொருத்த வேண்டும். பின்னணிக்குத் தனி விளக்கு உண்டு. காகிதம் வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு மட்டும் அதை ஏற்றினால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் பின்னாலிருந்து பாயும் ஒளி பொருளின் விளிம்பைத் தின்றுவிடும். ஜன்னல் திரைகளை மூடி, அறையின் கூரை விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். ஒயிட் பேலன்ஸ் 5500 கெல்வினில் நிலையாக இருக்கட்டும். தானியங்கி அமைப்பு வேண்டாம். விளக்கை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கிரே கார்டுடன் ஒரு படம் எடுத்துவிட்டே தொடர வேண்டும்.

கேமராவில் 100 மி.மீ. லென்ஸ், f/11, ஐஎஸ்ஓ 100. முக்காலியின் மூன்று கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி இடம் குறிப்போம்: கோப்பைக்கும் பாட்டிலுக்கும் 1.5 மீட்டர் தொலைவு, பைக்கு 2.5 மீட்டர். கோணம் மாறும்போது கேமராவை நகர்த்தாமல், பொருள் நிற்கும் சுழல்தட்டைத்தான் திருப்ப வேண்டும். முன்பக்கப் படத்தில் எல்லாக் கோப்பைகளின் கைப்பிடியும் வலப்புறம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இடப்புறம் திரும்பியிருந்தாலும் பட்டியல் பக்கத்தில் கண் அங்கேயே போய் நிற்கும். மேல்கோணத்திற்குக் கேமராவை ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தந்த வகையின் மற்றக் கோணங்கள் யாவும் முடிந்தபின் மேல்கோணப் படங்களை ஒரே மூச்சில் எடுத்துவிடுவோம்.

முதல் நாள் கோப்பையும் பையும். இரண்டாம் நாள் முழுவதையும் பாட்டில்களுக்கே ஒதுக்கியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டீல் ஒரு கண்ணாடி. விளக்கு, முக்காலி, நம் சட்டை நிறம் எல்லாமே அதில் தெரியும். போலரைசர் வடிகட்டியை மட்டும் மாட்டினால் உலோகத்தின் பிரதிபலிப்பு போகாது. எனவே இருபுறமும் பெரிய வெள்ளைத் துணித் திரைகளை நிறுத்தி, விளக்குகளை அவற்றுக்குப் பின்னால் வைப்போம். அப்போது பாட்டிலும் வெள்ளை, பின்னணியும் வெள்ளை என்றாகி விளிம்பு கரைந்துவிடும் என்பதால், சட்டகத்திற்குச் சற்று வெளியே இரு பக்கமும் கறுப்பு அட்டைப் பட்டைகளை நிறுத்த வேண்டும். அவற்றின் பிரதிபலிப்பு விளிம்பில் மெல்லிய கருங்கோடாக விழும். வெள்ளைக் கோப்பைகள் ஆறுக்கும் இதே உத்தி பொருந்தும். பாட்டிலைத் தொடுபவர் பருத்திக் கையுறை அணிந்திருக்க வேண்டும். ஒரு விரல்ரேகையைத் திரையில் அழிப்பதைவிடத் துணியால் துடைப்பது எளிது.

கோப்புப் பெயர் கீழ்க்கண்ட அமைப்பில் மட்டுமே இருக்கும்.

```
cup-0007_wht_01.jpg
bag-0003_blu_02.jpg
btl-0015_blk_04.jpg
```

முதலில் வகையும் பொருள் எண்ணும், அடுத்து நிறம், இறுதியில் கோணம். 01 முன்பக்கம், 02 நாற்பத்தைந்து பாகைத் திருப்பம், 03 பின்பக்கம், 04 மேல்கோணம், 05 நெருக்கப் படம். கடைசி எண் எடுத்த வரிசையைக் குறிப்பதன்று. மேல்கோணத்தை இறுதியில் எடுத்தாலும் அது 04 தான், பைகளில் 04 இல்லாமல் 05 வருவதும் பிழையன்று. `bl` என்று சுருக்கினால் நீலமா கறுப்பா என்று தெரியாது என்பதால் நிறத்திற்கு மூன்றெழுத்து வைத்துள்ளோம். முன்னால் பூச்சியங்கள் இல்லாவிட்டால் 10 என்பது 2-க்கு முன்னால் போய் அமர்ந்துகொள்ளும். எல்லாம் சிறிய எழுத்து, இடைவெளி கூடாது. மறுபடியும் எடுத்த படத்திற்கு `final`, `new` போன்ற ஒட்டுகள் சேர்க்காமல் அதே பெயரை இட்டு, பழையதை `old` கோப்புறைக்கு நகர்த்த வேண்டும். கேமராவைக் கணினியுடன் இணைத்தே எடுப்பதால், ஒவ்வொரு பொருளுக்கும் முன்னதாக உதவியாளர் பெயரை உள்ளிட்டு, பொருளின் அடியிலுள்ள சீட்டுடன் ஒப்பிட்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

வெளியீட்டுக் கோப்புகள் 2000 × 2000 பிக்சல், sRGB, ஜேபெக். மூலக் கோப்புகளை அன்றன்று மாலையே இரண்டு தனித்தனி வட்டுகளில் பிரதியெடுத்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்கலாம்.

முதல் நாள் மாலை 20 கோப்பைகளின் 01 படங்களையும் ஒரே திரையில் அடுக்கிப் பார்ப்போம். ஏதேனும் ஒன்றில் அடிக்கோடு ஏறியிறங்கினாலோ நிழல் பக்கம் மாறினாலோ அதை அன்றிரவே திரும்ப எடுத்தாக வேண்டும்; அதுவரை விளக்குகளையோ தரையிலுள்ள டேப்பையோ யாரும் அகற்ற வேண்டாம்.