பாம்பு கடிச்சா உடனே என்ன செய்யணும்: ஸ்லோ நெட் வீடியோ ஸ்கிரிப்ட்

எடிட்டிங்க்கு: 5 ஸ்டில் படம் மட்டும், ஜூம் வேண்டாம், மியூசிக் வேண்டாம். 240p, ஆடியோ மோனோ. கறுப்புல மஞ்சள் எழுத்து, பாதி திரைக்கு. ஜவ்வாது மலையில பாதி பேருக்கு படம் சுத்திக்கிட்டே நிக்கும், குரல் மட்டும்தான் போய்ச் சேரும், அதனால "இங்க பாருங்க"னு எங்கயும் சொல்லக்கூடாது.

படம் 1: ஆம்புலன்ஸ்
எழுத்து: 108
குரல்: வணக்கம். நெட் எப்ப கட் ஆகும்னு தெரியாது, முக்கியமானத முதல்லயே சொல்லிடறேன். பாம்பு கடிச்சா 108க்கு போன் பண்ணுங்க, ஒன்னு பூஜ்யம் எட்டு. காசு கிடையாது. சிக்னல் இல்லன்னா ஒருத்தர் மேட்டுக்கு ஓடிப் போய் கூப்பிடுங்க. கடிபட்டவர் நடக்கவே கூடாது, நடந்தா விஷம் சீக்கிரம் ஏறும்.

படம் 2: குச்சி வச்சு துணி சுத்தின கால்
எழுத்து: அசைக்காதீங்க
குரல்: கொலுசு, மெட்டி, மோதிரம், வளையல் எல்லாத்தையும் கழட்டிடுங்க, வீங்க ஆரம்பிச்சா அப்புறம் வராது. எலும்பு முறிஞ்சா கட்டுவோமே, அந்த மாதிரி குச்சி வச்சு துணியை லூசா சுத்துங்க. வண்டி வர லேட்டாகும்னா பைக்ல ரெண்டு பேருக்கு நடுவுல உக்கார வச்சு அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.

படம் 3: கயிறு, பிளேடு, மேல சிவப்பு பெருக்கல் குறி
எழுத்து: கட்டாதீங்க, கீறாதீங்க
குரல்: கயிறு போட்டு இறுக்கிக் கட்டுனா ரத்த ஓட்டம் நின்னு காலே போயிடலாம். கீறாதீங்க, வாய் வச்சு உறியாதீங்க, மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீங்க, தயவுசெஞ்சு. பாம்பை அடிச்சு எடுத்துட்டு வரவும் வேண்டாம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

படம் 4: தரையில பாய், பக்கத்துல கட்டுவிரியன்
எழுத்து: வலி இல்லன்னாலும் ஆஸ்பத்திரி
குரல்: இதை மட்டும் நல்லா கேளுங்க. கட்டுவிரியன் ராத்திரி தூங்குறவங்களை கடிக்கும், வலியே தெரியாது, பல் தடமும் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. காலையில எழுந்தவங்க வயித்த வலிக்குதுன்னு சொல்லுவாங்க, கண் இமை சொருகும், எச்சில் முழுங்க முடியாது, அப்புறம் மூச்சே திணறும். தரையில படுத்தவங்களுக்கு இப்படி இருந்தா கடி இல்லன்னு விட்டுடாதீங்க, உடனே கூட்டிட்டு போங்க.

படம் 5: அரசு ஆஸ்பத்திரி வாசல்
எழுத்து: மருந்து இங்க இருக்கு
குரல்: எத்தனை மணிக்கு கடிச்சதுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. கொஞ்சம் ரத்தத்தை கண்ணாடிக் குழாய்ல 20 நிமிஷம் வச்சு உறையுதான்னு பாப்பாங்க, உறையலன்னா கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடிச்சு விஷம் ஏறியிருக்கலாம். சும்மா உக்கார வச்சிருக்காங்கன்னு நினைச்சு கிளம்பிடாதீங்க, நல்லா இருந்தாலும் 24 மணி நேரம் அங்கேயே இருக்கணும்.