டெஸ்டிங் டீமில் வரும் மாற்றம்

எல்லோருக்கும் வணக்கம்.

வரும் திங்கள் முதல் டெஸ்டிங்குக்கென்று தனி டீம் இருக்காது. அதிலுள்ள 6 பேரும் பில்லிங், மொபைல் ஆப் டீம்களில் சேர்கிறார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. சம்பளமும் கிரேடும் அப்படியேதான். ஆனால் டெஸ்ட் லீட் என்ற பொறுப்பு இனி இல்லை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஏன் இந்த மாற்றம்? கோட் எல்லாம் எழுதி முடித்த பிறகே டெஸ்டிங்குக்கு வருவதால், ரிலீசுக்கு முந்தைய இரவில்தான் பிழைகள் தெரிகின்றன. இது டெஸ்டர்களின் தவறல்ல, நான் அமைத்த முறையின் குறை. அந்த இரவுகளில் கண் விழித்தது என்னவோ அவர்கள்தான்.

லீடாக இருந்தவரிடம் போன வாரமே நேரில் பேசினேன். அவருக்கு வருத்தம், இருக்காதா? நான்கு வருடமாகக் கட்டிய டீம். ஆட்டோமேஷன் பக்கம் போவதா, வேறு டீமில் லீட் இடம் பார்ப்பதா என்று யோசிக்க மாத இறுதி வரை நேரம் கேட்டிருக்கிறார். இதை எழுதலாம் என்று அவரே சொன்னார். அதற்கு மேல் யாரும் துருவ வேண்டாம்.

டெஸ்டர்களுக்குச் செலீனியம் பயிற்சி 2 மாதம், அலுவலக நேரத்திலேயே. இந்த வருட அப்ரைசல் பழைய பொறுப்பை வைத்துத்தான். அடுத்த வருட இன்க்ரிமென்ட் பற்றி இப்போது என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

வியாழன் மதியம் 3 மணிக்கு மேல் என் இடத்தில்தான் இருப்பேன். கோபம் இருந்தாலும் சரி, வாருங்கள்.