பத்து உருப்படிகள், ஐந்து பண்புகள்: டிப்பி அளவுகோலின் ஏற்புடைமை ஆய்வு

(ஆய்வு முறையியல் வகுப்புக்கான வாசிப்புப் பாடம்)

ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பிரித்து அளக்கும் வினாத்தாள்களுக்குப் பஞ்சமில்லை. காஸ்டாவும் மெக்ரேயும் உருவாக்கிய நியோ-பிஐ-ஆர் 240 உருப்படிகள் கொண்டது. நிரப்பி முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஆலிவர் ஜானும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய பிஎஃப்ஐயில் 44 உருப்படிகள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஆளுமை ஒரு துணை மாறியாக மட்டுமே இருக்கும் பெரிய கணக்கெடுப்பில் அந்த ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அந்த இடத்துக்காகத்தான் சாம் காஸ்லிங், பீட்டர் ரென்ட்ஃப்ரோ, வில்லியம் ஸ்வான் ஆகிய மூவரும் 2003இல் பத்தே உருப்படிகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். டிப்பி என்று அழைக்கப்படும் இதை நிரப்ப ஒரு நிமிடம் போதும்.

ஒரு நிமிட அளவுகோல் என்றதும் எழும் சந்தேகம் நியாயமானது. பெயரில் சொல்லும் பண்பைத்தான் அது அளக்கிறதா? அதைக் காட்டவே அவர்கள் ஏற்புடைமை ஆய்வு செய்தார்கள். அந்த ஆய்வின் எண்களை எப்படி வாசிப்பது என்பதே இந்தப் பாடம்.

முதலில் கட்டமைப்பு. ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு உருப்படிகள். ஒவ்வோர் உருப்படியிலும் இரண்டு பெயரடைகள். புறமுகத்தன்மைக்கு 'புறமுகமானவர், உற்சாகமானவர்' என்று ஒன்று, 'ஒதுங்கியிருப்பவர், அமைதியானவர்' என்று எதிர்த்திசையில் இன்னொன்று. பதிலளிப்பவர் 1 முதல் 7 வரை ஓர் எண்ணைக் குறிக்கிறார். எதிர்த்திசை உருப்படியை 8 − x என்று திருப்பிக்கொண்டு, இரண்டின் சராசரியை எடுத்தால் அந்தப் பண்புக்கான மதிப்பெண். ஒரே பண்பின் இரு உருப்படிகளும் ஒன்றையே வேறு சொற்களில் கேட்கும்படி அவர்கள் அமைக்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பண்பின் இரு முனைகளையும், அதன் அகலத்தையும் தொடவேண்டும் என்பதே நோக்கம். இந்தத் தேர்வு பின்னால் ஓர் எண்ணில் வெளிப்படும்.

ஏற்புடைமைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரே பண்பை அளப்பதாக ஏற்கெனவே ஒத்துக்கொள்ளப்பட்ட கருவியோடு புதிய அளவுகோலுக்கு வலுவான ஒட்டுறவு இருக்கவேண்டும். இது குவிவு ஏற்புடைமை. வேறு பண்புகளை அளக்கும் கருவிகளோடு ஒட்டுறவு தெளிவாகக் குறைந்திருக்கவேண்டும். இது பிரித்தறி ஏற்புடைமை. டொனால்டு கேம்பெலும் டொனால்டு ஃபிஸ்கேயும் 1959இல் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டையும் ஒரே அணியில் வைத்துப் பார்க்கும் முறையைக் கொடுத்தார்கள். ஒரே பண்பின் ஒட்டுறவுகள் மூலைவிட்டத்தில் வரும், வெவ்வேறு பண்புகளின் ஒட்டுறவுகள் அதற்கு வெளியே வரும். மூலைவிட்ட எண் பூச்சியத்தைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. அதே வரிசையிலும் அதே பத்தியிலும் உள்ள மற்ற எண்களையும் அது தாண்டவேண்டும் என்றார்கள்.

டிப்பி ஆய்வில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தைச் சேர்ந்த 1,813 இளங்கலை மாணவர்கள் டிப்பியையும் பிஎஃப்ஐயையும் நிரப்பினார்கள். அவர்களில் 180 பேர் ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து டிப்பியை மறுபடி நிரப்பினார்கள், நியோ-பிஐ-ஆரையும் எடுத்தார்கள். முக்கியமான எண்கள் கீழே. ஆல்ஃபா என்பது ஒரே பண்பின் உருப்படிகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; மறுசோதனை என்பது இரு முறை நிரப்பிய டிப்பி மதிப்பெண்களுக்கு இடையேயான ஒட்டுறவு:

| பண்பு | பிஎஃப்ஐயுடன் | நியோவுடன் | ஆல்ஃபா | மறுசோதனை |
|---|---|---|---|---|
| புறமுகத்தன்மை | 0.87 | 0.65 | 0.68 | 0.77 |
| இணக்கம் | 0.70 | 0.59 | 0.40 | 0.71 |
| கடமையுணர்வு | 0.75 | 0.68 | 0.50 | 0.76 |
| மனவெழுச்சிச் சமநிலை | 0.81 | 0.66 | 0.73 | 0.70 |
| புதுமைநாட்டம் | 0.65 | 0.56 | 0.45 | 0.62 |

பிஎஃப்ஐயுடனான குவிவு ஒட்டுறவுகளின் சராசரி 0.77. வெவ்வேறு பண்புகளுக்கு இடையேயான ஒட்டுறவுகளில் எதுவும் 0.36ஐத் தாண்டவில்லை, குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் சராசரி 0.20.

என் கணக்கில் இந்த ஆய்வின் பலம் 0.87இல் இல்லை, அந்த 0.36இல் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பிஎஃப்ஐயின் உருப்படிகளை எடுத்து டிப்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிஎஃப்ஐயின் புறமுகத்தன்மைப் பகுதியில் 'ஒதுங்கியிருப்பவர்', 'பெரும்பாலும் அமைதியாக இருப்பவர்', 'மிகுந்த உற்சாகத்தை உண்டாக்குபவர்' என்ற பொருளில் உருப்படிகள் உள்ளன. டிப்பியின் நான்கு பெயரடைகளில் மூன்று அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. கடமையுணர்விலும் 'ஒழுங்கற்றவர்', 'கவனக்குறைவானவர்' இரண்டிலும் வருகின்றன. ஒரே சொல்லுக்கு ஒரே ஆள் இரண்டு தாள்களில் பதில் சொன்னால், அந்தப் பதில்கள் ஒத்துப்போவதில் பண்புக்கும் பங்கு உண்டு, சொல்லுக்கும் பங்கு உண்டு. ஆகவே 0.87 என்பதன் ஒரு பகுதி சொற்பொதுமையால் வந்திருக்கக்கூடும். நியோ முழு வாக்கியங்களால் ஆனது, ஒவ்வொரு பண்பையும் ஆறு உட்கூறுகளாகப் பிரித்துக் கேட்பது. அதனுடன் ஒப்பிடும்போது 0.65க்கு இறங்குகிறது. கடமையுணர்வில் இந்த இறக்கம் 0.75இலிருந்து 0.68க்கு மட்டும். நியோவை எடுத்தது சிறிய குழு, வேறொரு நாளில் என்பதும் உண்மை; அதனால் இறக்கம் முழுவதையும் சொற்களின் கணக்கில் எழுத முடியாது. இருந்தாலும் குவிவு ஏற்புடைமைக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் சொல்லமுடியும் என்றால் நான் நியோ பத்தியைத்தான் சொல்வேன். அது கடினமான சோதனை.

பிரித்தறி ஒட்டுறவுகளின் கதை வேறு. டிப்பியும் பிஎஃப்ஐயும் தன்னைப் பற்றித் தானே சொல்லும் தாள்கள்; ஒரே நேரத்தில், ஒரே மனநிலையில் நிரப்பப்பட்டவை. தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் இயல்பு எல்லாப் பண்புகளையும் ஒரே திசையில் இழுக்கும். இந்த முறை சார்ந்த இழுப்பு குவிவு எண்ணை உயர்த்தி ஆய்வாளருக்குச் சாதகமாக வேலை செய்யும். பிரித்தறி எண்ணையும் உயர்த்தி அவருக்குப் பாதகமாகவும் வேலை செய்யும். அப்படி இருந்தும் உச்சம் 0.36தான். பிஎஃப்ஐ பத்தியின் மிகச் சிறிய குவிவு எண்ணான 0.65 அதைவிட மிக உயரத்தில் இருக்கிறது. கேம்பெல்–ஃபிஸ்கே நிபந்தனை இங்கே நிறைவேறுகிறது. ஆனால் கேம்பெலும் ஃபிஸ்கேயும் கேட்டது வேறுபட்ட முறைகளை. ஒரு தன்மதிப்பீட்டை இன்னொரு தன்மதிப்பீட்டோடு ஒப்பிடுவது அந்தக் கோரிக்கையின் பாதிதான். மீதிப் பாதிக்கு ஆளைத் தெரிந்த மற்றவர்களின் மதிப்பீடு வேண்டும்.

பிரித்தறி ஒட்டுறவுகளைப் பற்றி எழுதும்போது மாணவர்கள் 'புள்ளியியல் முக்கியத்துவம் இல்லை, ஆகவே பிரித்தறி ஏற்புடைமை உண்டு' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். 1,813 பேர் இருக்கும்போது 0.05 என்ற அற்ப ஒட்டுறவுகூட முக்கியத்துவ எல்லையைத் தாண்டிவிடும். நாற்பது பேர் மட்டும் இருந்தால் 0.30கூடத் தாண்டாது. பார்க்கவேண்டியது அளவையும் வேறுபாட்டையும். இணக்கத்தின் 0.70க்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி சுமார் 0.68 முதல் 0.72 வரை, அந்த இடைவெளி 0.36க்கு அருகில்கூட வரவில்லை. நியோவுடனான 0.59க்கு, 180 பேர் மட்டுமே என்பதால், இடைவெளி 0.49 முதல் 0.68 வரை விரிகிறது. கீழ் எல்லையில் பார்த்தாலும் குவிவு நிற்கிறது, ஆனால் எவ்வளவு வலுவாக நிற்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது.

இப்போது ஆல்ஃபா பத்தி. இணக்கத்துக்கு 0.40, புதுமைநாட்டத்துக்கு 0.45. வழக்கமாக 0.70க்குக் கீழே இருந்தால் தேர்வாளர்கள் முகம் சுளிப்பார்கள். அதே தேர்வாளர் 0.70 என்ற குவிவு ஒட்டுறவையும் ஒருமுறை பார்க்கவேண்டும். ஒட்டுறவை நம்பகத்தன்மைக் குறைவுக்காகச் சரிசெய்யும் சூத்திரம் கீழே இருக்கிறது. r_xy கிடைத்த ஒட்டுறவு; r_xx, r_yy இரண்டும் இரு கருவிகளின் நம்பகத்தன்மை:

```
r_true = r_xy / sqrt(r_xx * r_yy)
```

பிஎஃப்ஐயின் இணக்கப் பகுதிக்கு நம்பகத்தன்மை 0.80 என்று வைத்துக்கொள்வோம். டிப்பிக்கு ஆல்ஃபாவான 0.40ஐப் போட்டால் விடை 1.24 வருகிறது. ஒட்டுறவு ஒன்றைத் தாண்ட முடியாது. ஆகவே 0.40 டிப்பியின் உண்மையான நம்பகத்தன்மையாக இருக்கமுடியாது. பண்பின் இரு வேறு மூலைகளைத் தொடும் இரண்டே உருப்படிகளை வைத்துக் கணக்கிட்ட ஆல்ஃபா அதைக் குறைத்துக் காட்டுகிறது. மறுசோதனை எண்ணான 0.71ஐப் போட்டால் விடை 0.93. இது நம்பக்கூடிய எண். ஆசிரியர்கள் ஆல்ஃபாவை உயர்த்த நினைத்திருந்தால் 'அன்பானவர்', 'பரிவானவர்' என்று ஒரே பொருளை இரண்டு உருப்படியாக வைத்திருக்கலாம். எண் அழகாக வந்திருக்கும், அளவுகோல் குறுகிப்போயிருக்கும். ஆல்ஃபாவை விட்டுக்கொடுத்து அகலத்தைக் காப்பாற்றியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அதற்காக எல்லாப் பண்புகளுக்கும் ஒரே தீர்ப்பு சொல்லிவிட முடியாது. புதுமைநாட்டம் இரண்டு குவிவுப் பத்திகளிலும் மறுசோதனையிலும் கடைசியில் நிற்கிறது. 0.56ஐ வர்க்கப்படுத்தினால் 0.31, அதாவது நியோ அளக்கும் புதுமைநாட்டத்தின் வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே டிப்பியோடு பொதுவாக இருக்கிறது. கலை ஆர்வம், கற்பனை, அறிவுத் தேடல் என்று விரியும் ஒரு பண்பை இரண்டு உருப்படிகளில் அடைப்பது கடினம். அந்தப் பண்புதான் ஆய்வின் மையக் கேள்வி என்றால் டிப்பியைத் தொடவேண்டாம். பிஎஃப்ஐக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். டிப்பி நீண்ட கருவிகளைவிடச் சற்றுத் தாழ்ந்தது என்றும், மிகச் சுருக்கமான கருவி தேவைப்படும் இடத்துக்கு மட்டும் என்றும் ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், இந்த எண்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஆங்கிலத்தில் கொடுத்த பதில்களிலிருந்து வந்தவை. தமிழில் மொழிபெயர்த்து மதுரையிலோ மட்டக்களப்பிலோ பயன்படுத்துபவர் 0.77ஐ அப்படியே எடுத்துத் தன் ஆய்வேட்டில் எழுத முடியாது. 'பாரம்பரியத்தைப் பின்பற்றுபவர், படைப்பாற்றல் இல்லாதவர்' என்ற உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் முதல் பாதியைப் பெருமையாக ஏற்றுக்கொள்பவர் இரண்டாம் பாதியை மறுக்கலாம். அப்போது அவர் எந்த எண்ணைக் குறிப்பார்? தமிழ்ப் பதிப்புக்குக் குவிவு எண்களும் பிரித்தறி எண்களும் தனியாக வேண்டும். மூலைவிட்டத்தை மட்டும் கொடுத்தால் போதாது, ஐந்துக்கு ஐந்து என்று வரும் இருபத்தைந்து எண்களையும் அட்டவணையில் கொடுக்கவேண்டும்.