காத்துக்கு வழி விடு! கூத்துக்குக் கை கொடு!

கலைவிழா முழக்கம்: வகுப்புப் பிரதிநிதிகளுக்கும் ஊர்வலக் குழுவுக்கும்
ஆர்ட்ஸ் கிளப், மாணவர் யூனியன்

மக்களே, இந்த வருஷத்துக் கலைவிழா முழக்கம் மேலே இருக்கிற ரெண்டே வரிதான். பேனரில், சட்டையில், அழைப்பிதழில், ஊர்வலத்தில் எல்லாம் இதுவே. பெட்டியில் வந்து விழுந்ததில் பாதி "வெல்வோம்", "ஆள்வோம்", "சரித்திரம் படைப்போம்" என்று மீசை முறுக்கிக்கொண்டு நின்றது. கொங்குப் படையை விரட்டியடித்த கதையை ஊரே கூடி கொங்கன்படைத் திருவிழாவாகக் கொண்டாடுகிற சித்தூர் பக்கத்தில், கொங்குத் தமிழ் பேசுகிற நாம் போய் "படை வருது" என்று கத்தினால் சிரிப்பார்கள். (கொங்கன்படை பார்க்கவும் நம்ம கொழிஞ்சாம்பாறைப் பசங்கதான் முதல் ஆளாக நிற்பார்கள் என்பது வேறு விஷயம்.)

காத்து எதற்கு என்று கேட்டவர்களுக்கு: வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத பாலக்காட்டுக் கணவாய். கார்த்திகை, மார்கழியில் கிழக்கே இருந்து வறண்ட காத்து இந்த வழியாகத்தான் பாய்ந்து வரும். ஆனி, ஆடியில் அதே வழியாக மேற்கே இருந்து ஈரக் காத்து பொள்ளாச்சிக்குப் போகும். நம்ம முன்னோரும் இப்படியே போனார்கள், வந்தார்கள். காத்து எந்தப் பக்கத்துச் சொத்தும் இல்லை.

கூத்துக்குக் காரணம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. பாரதப்புழைப் பக்கத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து பார்த்திருக்கிறீர்களா? கூத்துமாடத்தில் வெள்ளைத் திரை கட்டி, பின்னால் வரிசையாக விளக்கு ஏற்றி, மான் தோல் பாவைகளை ஆட்டிக்கொண்டு புலவர் பாடுவது கம்பராமாயணம். மலையாள நாட்டுக் கோயிலில், அம்மனைப் பார்த்தபடி, ராத்திரி முழுக்கத் தமிழ் விருத்தம். கண்ணியார்களிப் பாட்டிலும் தமிழ் எட்டிப்பார்க்கும். இந்த மண்ணில் கூத்துக்கு எல்லைக்கல் நட்டவர் யாரும் இல்லை.

"காத்து" என்பது கொச்சை, "காற்று" என்று போடணும் என்று ஒரு பேச்சு வந்தது. போட்டால் எதுகை போச்சு. முழக்கம் வாய்க்கு எழுதுவது. காத்து காத்தாகவே இருக்கட்டும்.

முழக்கத்தின் தாளம்

ஒரு வரிக்கு நாலு தட்டு.

காத் | துக்கு | வழி | விடு
கூத் | துக்குக் | கை | கொடு

முதல் ரெண்டு தட்டு பறைக்கு மட்டும். மூணாவதும் நாலாவதும் எல்லாரும் கை தட்டணும். "வழி விடு" நாலும் குறில், அப்படியே "தக திமி". "கை கொடு" வரும்போது "கை" நெடில், அதை இழுத்துப் பிடித்து "தா திமி" என்று இறக்கணும். "கை"யைக் குறுக்கிவிட்டால் ரெண்டாவது வரி ஓடிப்போய் முதல் வரி மேல் இடிக்கும். செண்டை வாசிக்கிற பசங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கூட்டத்தின் கடைசியில் நின்று போன் பார்த்துக்கொண்டே கத்துகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் மெதுவாக. கேட் தாண்டினதும் ஒரு படி வேகம். மேடைக்கு முன்னால் உச்சம். உச்சத்தில் கத்துவது முழு முழக்கம் இல்லை. ஒரு பக்கம் "வழி விடு!", எதிர்ப்பக்கம் "கை கொடு!". முழு முழக்கம் கடைசியில் ரெண்டு தடவை மட்டும்.

ஊர்வலப் பாட்டு: முழு வடிவம்

முன்குரல் ஒருத்தர் மட்டும். கூட்டம் பதில் சொல்லும்.

தொடக்கம்

முன்குரல்: கோபாலபுரம் தாண்டி வரும்…
கூட்டம்: காத்துக்கு வழி விடு!
முன்குரல்: கொழிஞ்சாம்பாறை கூட்டி வரும்…
கூட்டம்: கூத்துக்குக் கை கொடு!
முன்குரல்: வேலந்தாவளம் வீசி வரும்…
கூட்டம்: காத்துக்கு வழி விடு!
முன்குரல்: மீனாட்சிபுரம் முழங்கி வரும்…
கூட்டம்: கூத்துக்குக் கை கொடு!

(பஸ்ஸில் வருகிறவர்கள் தங்கள் ஊரைச் சேர்த்துக்கொள்ளலாம். சண்டை வராமல் இருக்க, ஒரு ஊருக்கு ஒரு தடவைதான்.)

பனங்காடு

முன்குரல்: பனங்காட்டு நரி நாங்க!
கூட்டம்: சலசலப்பே பாட்டுங்க!
முன்குரல்: பறையெடுத்துத் தட்டுங்க!
கூட்டம்: படியிறங்கி ஆடுங்க!
எல்லாரும்: காத்துக்கு வழி விடு! கூத்துக்குக் கை கொடு!

வாளையாறு

முன்குரல்: வாளையாறு செக்போஸ்டு!
கூட்டம்: வண்டிக்குத்தான் தடையுண்டு!
முன்குரல்: வாயில் வரும் பாட்டுக்கு…
கூட்டம்: வரிசை ஏது? பாஸ் ஏது?
எல்லாரும்: காத்துக்கு வழி விடு! கூத்துக்குக் கை கொடு!

ஆழியாறு

முன்குரல்: ஆழியாத்துத் தண்ணி வந்து…
கூட்டம்: சித்தூர்ப்புழை சேருது!
முன்குரல்: ஆருக்கெவ்வளவு பங்குன்னு…
கூட்டம்: மந்திரிமாரு பேசட்டும்!
முன்குரல்: நமக்கென்ன பங்கு வேணும்?
கூட்டம்: நாலு தட்டு தாளம் வேணும்!
எல்லாரும்: காத்துக்கு வழி விடு! கூத்துக்குக் கை கொடு!

இந்தக் கண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி இந்தப் பக்கம் வரணும் என்பது கணக்கு. கோடை வந்தால் நம்ம வீடுகளில் சோத்துக்கு முன்னால் பேசப்படுவது இதுதான், தென்னை வைத்திருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் இந்தக் கண்ணியைக் கிண்டலாகப் பாடுங்கள், கோபமாக வேண்டாம். "மந்திரிமாரு" என்றதோடு நிற்கணும். ரெண்டு பக்கத்து மந்திரி பேரையும் இழுக்கக் கூடாது.

ரெண்டு பாஷை

முன்குரல்: வீட்டுக்குள்ள ஒரு பாஷை!
கூட்டம்: வீதியில மறு பாஷை!
முன்குரல்: ரெண்டும் சேர்ந்து மேடை வந்தா…
கூட்டம்: மேளத்துக்கே தனி ஆசை!
எல்லாரும்: காத்துக்கு வழி விடு! கூத்துக்குக் கை கொடு!

இங்கே செண்டைக்காரர்களுக்கு விட்டுவிடணும். அவர்கள் ஒரு சுற்று வாசித்து நிறுத்துகிற வரைக்கும் யாரும் வாய் திறக்க வேண்டாம். மலையாளம் டிபார்ட்மென்ட் நண்பர்கள் தங்கள் பாஷையில் நாலு வரி கட்டியிருக்கிறார்கள். அதை அவர்களே முன்குரல் எடுப்பார்கள், பதில் நாம் சொல்வோம். உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை, நாலாவது தட்டில் சேர்ந்தால் போதும்.

மேடை முன்

முன்குரல்: காத்துக்கு?
இடப்பக்கம்: வழி விடு!
முன்குரல்: கூத்துக்கு?
வலப்பக்கம்: கை கொடு!
முன்குரல்: பாட்டுக்கு? — வழி விடு!
முன்குரல்: ஆட்டத்துக்கு? — கை கொடு!
முன்குரல்: தோத்தவனுக்கு? — கை கொடு!
முன்குரல்: ஜெயிச்சவனுக்கு? — வழி விடு!
எல்லாரும், ரெண்டு தடவை: காத்துக்கு வழி விடு! கூத்துக்குக் கை கொடு!
பறை: ஒரே அடி. நிறுத்து.

"தோத்தவனுக்கு" முதலில், "ஜெயிச்சவனுக்கு" அப்புறம். மாற்றிச் சொல்லக் கூடாது. போட்டி முடிவு அறிவிக்கிற நேரத்திலும் மைக் பிடிக்கிறவர் இதே வரிசையில்தான் கேட்கணும்.

முழக்கம் வேண்டாத இடமும் உண்டு. ரெண்டாம் நாள் சாயங்காலம் தோல்பாவைக் கூத்து நடக்கும்போது ஒருத்தரும் கத்த வேண்டாம். புலவர் பாட்டுக்கு நடுவில் நம்ம "வழி விடு" போனால் அசிங்கம். முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டுங்கள். டிபார்ட்மென்ட்டுக்கு டிபார்ட்மென்ட் வம்பிழுக்கிற வரிகளை நடுவில் செருகுவதும் கிடையாது. அதற்குத் தனியாக ஒரு போட்டியே இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு

பேனர் துணியில்தான், பிளெக்ஸ் கிடையாது. மஞ்சள் துணி, பனை ஓலைப் பழுப்பில் எழுத்து. எந்தக் கட்சிக் கொடி நிறமும் வேண்டாம் என்று யூனியனில் எல்லாரும் ஒத்துக்கொண்ட அபூர்வமான தீர்மானம் இது, தயவுசெய்து கலைக்காதீர்கள்.

பேனரில் மேலே தமிழ் ரெண்டு வரி, கீழே மலையாளம் ரெண்டு வரி, ஒரே அளவு எழுத்து. படம் ஒன்றே ஒன்று: காத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்த ஒற்றைப் பனை. விழாத் தேதி, இடம் எல்லாம் அழைப்பிதழில் இருக்கும், பேனரில் திணிக்க வேண்டாம்.

சட்டையில் முன்னால் "காத்துக்கு வழி விடு!", முதுகில் "கூத்துக்குக் கை கொடு!". ஊர்வலத்தில் பின்னால் வருகிறவர் கண்ணில் படுவது முதுகுதான், அதனால் முதுகு எழுத்து பெரிசாக. பேட்ஜில் இடம் இல்லை, "வழி விடு! கை கொடு!" மட்டும்.

எழுத்துப் பிழை பார்க்கிறவர்களுக்கு: "கூத்துக்குக் கை" என்பதில் நடுவில் "க்" இருக்கணும். "காத்துக்கு வழி" என்பதில் ஒற்று எதுவும் வராது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அச்சகத்தில் யாராவது அழகு பார்த்து ஒன்றிலிருந்து எடுத்தோ இன்னொன்றில் சேர்த்தோ விடுவார்கள், விடாதீர்கள். டவுனில் உள்ள அச்சகங்களில் பாதிக்கு மலையாள எழுத்துருதான் பழக்கம். நாம் யூனிகோடில் தட்டி அனுப்பினால், அங்கே வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது "கொடு"வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய் நிற்கும். அதனால் எழுத்தாக அனுப்பாமல், எழுத்துகளை வடிவமாக்கிய பிடிஎஃப்தான் அனுப்பணும். முதல் துணியை விரித்துப் பார்த்து, சத்தமாக ஒரு தடவை வாசித்த பிறகுதான் மீதியை அடிக்கச் சொல்லணும்.

ஒத்திகை தினமும் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஆலமரத்தடியில். பறை இருக்கும், மைக் இருக்காது. கேன்டீன் வாசல் வரைக்கும் கேட்டால் அன்றைக்கு அதோடு விட்டுவிடலாம். முன்குரலுக்குப் பேர் கொடுக்கிறவர்கள் மேகசின் எடிட்டரிடம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள். பெண்கள் குரலில் குறைந்தது பாதிக் கண்ணிகளாவது வரணும். இதுவரை வந்த பேரெல்லாம் ஹாஸ்டல் பையன்கள்தான்.