பின்னணிச் சரிபார்ப்பு: பணிக்காலத் தேதி வேறுபாடு குறித்த விளக்கம்

பெறுநர்: மனிதவளத் துறை, பணி நியமனப் பிரிவு
தேதி: 5 ஜூன் 2025
பொருள்: முந்தைய வேலையின் சேர்ந்த தேதி, விலகிய தேதி பற்றிய விளக்கமும் ஆவணங்களும்

வணக்கம் மேடம்,

என் பின்னணிச் சரிபார்ப்பு அறிக்கையில் தேதிகள் பொருந்தவில்லை என்று நேற்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. வேலையை உறுதி செய்வதற்கு முன் என்னிடம் விளக்கம் கேட்டதற்கு நன்றி.

என் விண்ணப்பத்தில் முந்தைய நிறுவனத்தில் 10 ஜூன் 2019 முதல் 2 மார்ச் 2023 வரை வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறேன். அவர்களோ 2 டிசம்பர் 2019 முதல் 17 பிப்ரவரி 2023 வரை என்று பதில் கொடுத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஆறு மாதம், முடிவில் இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு என இரண்டு இடத்தில் வித்தியாசம் வருகிறது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் சேர்ந்த தேதி. 10 ஜூன் 2019 அன்று நான் அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பேரோலில், காண்ட்ராக்ட் ஊழியராக. உட்கார்ந்த இடம், டீம், மேலாளர், செய்த டெஸ்டிங் வேலை எல்லாம் அந்த நிறுவனத்தில்தான். சம்பளம் கொடுத்ததும் வைப்பு நிதி கட்டியதும் ஆள்சேர்ப்பு நிறுவனம். 30 நவம்பர் 2019, சனிக்கிழமையோடு அந்த ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை, டிசம்பர் 2 அன்று, அதே டீமில் நிரந்தர ஊழியராகச் சேர்ந்தேன். நடுவில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

நிரந்தர ஊழியர் எண் எனக்கு டிசம்பர் 2 அன்றுதான் கொடுக்கப்பட்டது. சரிபார்ப்பு நிறுவனம் அந்த எண்ணை வைத்துக் கேட்டிருக்கிறது, அவர்களும் அந்த எண்ணுக்கு உரிய தேதியைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அவர்கள் கொடுத்த தேதியை நான் மறுக்கவில்லை. அவர்கள் பேரோலைப் பொறுத்தவரை அதுவே சரியான தேதி. அதற்கு முந்தைய மாதங்களுக்கான பதிவு ஆள்சேர்ப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. விண்ணப்பத்தில் இரண்டையும் ஒரே பதிவாகக் காட்டியிருந்தேன். பேரோல் மாறியிருப்பதால் அவை தனித்தனியாக இருக்க வேண்டும், கீழே அப்படியே பிரித்துத் தந்திருக்கிறேன்.

இதற்கான ஆவணங்களில் இரண்டை மட்டும் முதலில் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, நவம்பர் 2019 சம்பளச் சீட்டு. அதன் தலைப்பில் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பெயர் இருக்கும். என் பெயருக்குக் கீழே 'பணியமர்த்தப்பட்ட இடம்' என்ற வரியில் முந்தைய நிறுவனத்தின் பெயர் இருக்கும். இன்னொன்று, 22 நவம்பர் 2019 தேதியிட்ட நிரந்தர நியமனக் கடிதம். நான் அதுவரை அவர்களிடம் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றி வந்ததை அதன் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த வரியை மஞ்சளில் அடையாளமிட்டிருக்கிறேன். வேறு எதையும் அந்தப் பக்கத்தில் தொடவில்லை, அடையாளமில்லாத மூலப் பிரதியும் கூடவே இருக்கிறது.

விலகிய தேதிக்கு வருகிறேன். 2 ஜனவரி 2023 அன்று ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் காலம் 60 நாள், அன்றைய தினத்தையும் சேர்த்தால் மார்ச் 2 அன்று முடிகிறது. பிப்ரவரி 17 வரை அலுவலகம் போனேன். மீதி 9 வேலை நாட்களுக்கு என் கணக்கில் இருந்த ஈட்டிய விடுப்பைக் கழித்துக்கொள்ள மேலாளரும் ஹெச்.ஆரும் மின்னஞ்சலில் ஒப்புதல் கொடுத்தார்கள். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் 17-ஆம் தேதியே ஒப்படைத்தேன். சரிபார்ப்புக்குக் கொடுத்த பதிலில் அந்தத் தேதி வந்திருக்கிறது. ஆனால் ரிலீவிங் லெட்டரில் மார்ச் 2 என்றுதான் உள்ளது, மார்ச் மாதத்தின் இரண்டு நாள் சம்பளமும் இறுதிக் கணக்குத் தீர்வில் சேர்ந்திருக்கிறது. அடுத்த வேலையில் 6 மார்ச் 2023 அன்று சேர்ந்தேன், அந்தத் தேதி உங்கள் அறிக்கையிலேயே சரியென்று வந்துவிட்டது. இரண்டு வேலைகளும் ஒரு நாள்கூட ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை.

பிரித்து எழுதிய பதிவு இது. விண்ணப்பத்தில் உள்ளதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

10 ஜூன் 2019 – 30 நவம்பர் 2019: டெஸ்ட் இன்ஜினியர், காண்ட்ராக்ட், ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பேரோல், பணியிடம் முந்தைய நிறுவனம்.
2 டிசம்பர் 2019 – 2 மார்ச் 2023: டெஸ்ட் இன்ஜினியர், நிரந்தரம், முந்தைய நிறுவனத்தின் பேரோல், அலுவலகம் சென்ற கடைசி நாள் 17 பிப்ரவரி 2023.

காண்ட்ராக்ட் காலத்தை அனுபவமாகக் கணக்கிடுவதில்லை என்பது உங்கள் விதியாக இருந்தால், இந்த வேலைக்கு 3 ஆண்டு 3 மாதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். என் பதவி, கடைசியாக வாங்கிய சம்பளம், விலகிய காரணம் ஆகியவற்றில் அறிக்கை எந்த வேறுபாட்டையும் சொல்லவில்லை.

மேலே சொன்ன இரண்டு ஆவணங்கள் போக, ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் நியமனக் கடிதம், ஜூன் முதல் அக்டோபர் 2019 வரையிலான சம்பளச் சீட்டுகள், அவர்கள் தந்த பணிச்சான்று, விடுப்பு ஒப்புதல் மின்னஞ்சல், ரிலீவிங் லெட்டர், இறுதிக் கணக்குத் தீர்வு, வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாறு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அந்தப் பணி வரலாற்றில் இரண்டு நிறுவனங்களும் தனித்தனி வரிகளில், மேலே உள்ள அதே தேதிகளோடு இருக்கின்றன. வங்கிக் கணக்கு அறிக்கையில் சம்பளம் வரவான வரிகளைத் தவிர மற்றவற்றை மறைத்திருக்கிறேன். முழு அறிக்கையும் தேவைப்பட்டால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். முதல் காலத்துக்கு ஆள்சேர்ப்பு நிறுவனத்திடம் தனியாகச் சரிபார்க்கும்படி சரிபார்ப்பு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அவர்களுடைய ஹெச்.ஆர். மின்னஞ்சல் முகவரி பணிச்சான்றின் அடியில் இருக்கிறது, அதற்கான என் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். முந்தைய நிறுவனத்திடம் ரிலீவிங் லெட்டரின் நகலை அனுப்பி, விலகிய தேதியை மறுபடி உறுதி செய்யச் சொன்னால் போதும். அப்போதைய என் மேலாளர் பேசத் தயாராக இருக்கிறார். ஆனால் அவர் சொல்வதை ஆவணங்களுக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தேதியை உறுதி செய்ய வேண்டியது ஹெச்.ஆர்.தான்.

ஜூன் 16 அன்று நான் சேர வேண்டும். மறு சரிபார்ப்பு அதற்குள் முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சேரும் தேதியைத் தள்ளி வைக்க எனக்குத் தடையில்லை. இந்த வேலை எனக்கு முக்கியம். அதனாலேயே, கேள்விக்குறியோடு சேர்வதைவிட அறிக்கை சரியான பிறகு சேர்வதையே விரும்புகிறேன். திருத்திய அறிக்கை வந்ததும் அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ரா. கவிதா
டெஸ்ட் இன்ஜினியர் பணிக்குத் தேர்வானவர்