அக்கா, ஒருவருக்கு ஒரு மெசேஜ் எழுதித் தாருங்கள்

அக்கா,

ஒரு உதவி. ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு மெசேஜ் எழுதித் தர முடியுமா? யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களிடம் மறைக்க வேண்டும் என்பதற்காக இல்லை. அவரை உங்களுக்கும் தெரியும். யாரென்று தெரிந்துவிட்டால், அவரைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே நினைத்து வைத்திருப்பது எழுத்துக்குள் வந்துவிடும். அதனால் ‘அவர்’ என்றே சொல்கிறேன். ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத சொல் நம்மிடம் இருப்பது எவ்வளவு வசதி!

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு இரவு அவர் எனக்கு மூன்று முறை போன் செய்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. பேசும் மனநிலை இல்லை, அவ்வளவுதான். காலையில், “ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன்” என்று ஒரு வரி வந்தது. நானும் விட்டுவிட்டேன். அன்று அவருக்கு என்ன செய்தி வந்திருந்தது என்பது போன மாதம்தான் வேறொருவர் மூலம் தெரிந்தது. அந்தச் செய்தியைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. அந்த ராத்திரி அவர் தனியாக இருந்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நானே நான்கு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் பக்க நியாயத்தில் போய் முடிகிறது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

போன் வந்தது தெரிந்தும் நான் எடுக்கவில்லை என்பதை அப்படியே எழுதுங்கள். ‘வேலையில் இருந்தேன்’ என்று பூசி மெழுக வேண்டாம். மன்னிப்பு ஒரே ஒரு முறை வந்தால் போதும். பதில் போட்டே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றக்கூடாது. ‘தவறாக நினைக்க வேண்டாம்’ என்ற வரி மட்டும் வரவே கூடாது. நினைக்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது. ஆறேழு வரிக்குள் இருக்கட்டும்.

நானும் அவரும் நீ, வா, போ என்று பேசுவோமா, நீங்கள் என்று பேசுவோமா என்பதையும் சொல்லப்போவதில்லை. நீங்கள் என்றே எழுதுங்கள், தேவைப்பட்டால் மாற்றிக்கொள்கிறேன். தொடக்கத்தில் அழைக்கும் சொல்லும் வேண்டாம். அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியத்தில் இருப்பதை நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? இது காதல் விஷயம் இல்லை, ஆனால் பெயர் இல்லாமலும் மனசைச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலை அனுப்ப நினைக்கிறேன். வெள்ளி இரவுக்குள் கிடைத்தால் போதும். எழுதி முடித்ததும் ஒரு முறை வாய்விட்டுப் படித்து வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்புங்கள். எங்கேயாவது நான் இன்னும் சாக்குச் சொல்வது போல இருந்தால் காதில் கேட்கும்போது தெரிந்துவிடும்.